வேர்ஹவுஸ் ஆள் எடுப்பு மெசேஜ்: வாரம் 5,100 என்று போட்டும் லோடர்கள் ஏன் நிற்பதில்லை?

ஒரகடம் செந்தில்

வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். மளிகைச் சாமான், எண்ணெய், சோப்பு, அரிசி எல்லாம் வந்து இறங்கி, கடைகளுக்குப் பிரிந்து போகும் இடம். ஆட்களை எடுப்பது காண்ட்ராக்டர். அவர் வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் மெசேஜ் இதுதான்:

"உடனடி ஆட்கள் தேவை!! ஒரகடம் வேர்ஹவுஸ். பேக்கிங் ஆண்/பெண். லோடிங் ஆண். எடை 50 கிலோ. ஷிப்ட் காலை 8 – இரவு 8, இரவு 8 – காலை 8. வாரம் 6 நாள். பேக்கிங் வாரம் ரூ.4,200, லோடிங் வாரம் ரூ.5,100. ஓ.டி. மணிக்கு ரூ.70. பி.எஃப். இ.எஸ்.ஐ. உண்டு. வாரச் சம்பளம் சனிக்கிழமை. தங்குமிடம் இலவசம்."

இதைப் பார்த்து நிறைய பேர் வருகிறார்கள். திங்கட்கிழமை பத்துப் பேர் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை நாலு பேர்தான் இருப்பார்கள். தொகை இந்தப் பகுதியில் குறைவில்லை என்று காண்ட்ராக்டர் சொல்கிறார். மெசேஜிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வாரம் மேனேஜரோடு இதைப் பற்றிப் பேசவேண்டும், அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விஜய் செய்யாறு

அண்ணா எடை 50 கிலோன்னு போட்டிருக்கு. நான் 47 கிலோதான் இருக்கேன். எடுத்துக்குவாங்களா? பேக்கிங்குக்கும் அதே எடை வேணுமா?

ஒரகடம் செந்தில்

தம்பி, அது தூக்கவேண்டிய மூட்டையின் எடை, உங்கள் எடை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. மெசேஜை அப்படியும் படிக்க முடிகிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

பேரோல் கணேசன்

செந்தில் சார், ஒன்று சொல்லுங்கள். வாரம் 5,100 என்பது ஓ.டி. சேர்த்தா, சேர்க்காமலா? 12 மணி நேரத்தில் இடைவேளை எவ்வளவு?

ஒரகடம் செந்தில்

ஓ.டி. சேர்த்துத்தான். இடைவேளை சாப்பாட்டுக்கு அரை மணி, டீ இரண்டு தடவை கால் கால் மணி. ஆக ஒரு மணி நேரம்.

பேரோல் கணேசன்

அப்படியானால் கணக்கை அவிழ்த்துப் பார்க்கலாம். 5,100-ஐ 6 நாளால் வகுத்தால் நாளுக்கு 850. வேலை செய்வது 11 மணி. முதல் 8 மணி சாதாரண வேலை, மீதி 3 மணி ஓ.டி. மணிக்கு 70 என்றால் ஓ.டி. 210 ரூபாய். 850-இல் 210 போனால் 640. அது 8 மணி நேரக் கூலி, அதாவது மணிக்கு 80.

கவனியுங்கள். லோடருக்கு சாதாரண மணிக்கு 80, களைத்துப்போன பிறகு செய்யும் ஓ.டி. மணிக்கு 70. கூடுதல் நேரத்துக்குக் கூலி குறைகிறது.

இதையே பேக்கருக்குப் போடுங்கள். 4,200-ஐ 6-ஆல் வகுத்தால் 700. அதில் 210 போனால் 490, மணிக்கு 61 ரூபாய் 25 காசு. அவருக்கு 70 என்பது சாதாரணக் கூலியைவிட ஒன்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக அதிகம், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே 70 போட்டிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, அது கூலியிலிருந்து கணக்கிட்ட ஓ.டி. இல்லை. முதலில் வாரத் தொகையை முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி ஓர் எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி ஓ.டி.க்கு சாதாரண விகிதத்தைப்போல் இரண்டு மடங்கு. அந்தச் சட்டத்தில் கடை என்பதற்குள் வியாபாரத்துக்கான கிடங்கும் அடங்கும். 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி பார்த்தாலும் இரண்டு மடங்குதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதுவேதான். எந்தக் கதவைத் திறந்தாலும் லோடருக்கு மணிக்கு 160, பேக்கருக்கு 122 ரூபாய் 50 காசு வரவேண்டும்.

அந்த விகிதத்தில் இதே 11 மணி நேரத்துக்கு லோடருக்கு நாளுக்கு 1,120, வாரத்துக்கு 6,720. கொடுப்பது 5,100. வாரத்துக்கு 1,620 ரூபாய் துண்டு விழுகிறது. பேக்கருக்கு 5,145 வரவேண்டும், 945 குறைகிறது.

திருவள்ளூர் தாஸ்

கணேசன் சார், இப்போ 12 மணி நேர வேலைக்குத் தமிழ்நாட்டில் சட்டமே வந்தாச்சே. 2023-இல் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். அப்புறம் 8 மணிக்கு மேலே ஓ.டி. என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

பேரோல் கணேசன்

நிறைவேற்றியது உண்மை, 2023 ஏப்ரலில். எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தார்கள், அந்த ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்துவிட்டார். அது தொழிற்சாலைகளுக்கான திருத்தம். அதிலும் வாரம் 48 மணி என்பதைத் தொடவில்லை, நாளுக்கு 12 என்றால் வாரத்துக்கு நாலு நாள் என்றுதான் அப்போது விளக்கம் சொன்னார்கள். 12 மணி, 6 நாள் என்று யாரும் சட்டம் போடவில்லை.

செந்தில் சார் இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடைகள் சட்டத்தில் ஓ.டி. சேர்த்தே நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிதான் உச்சவரம்பு. இவர்கள் வாங்குவது 66. இரட்டிப்பு ஓ.டி. கொடுத்தாலும் அந்த 12 மணி நேரம் வரம்புக்கு வெளியேதான் நிற்கும்.

மேன்பவர் ரியாஸ்

நான் ஆள் சப்ளை செய்கிறவன், செந்தில் சாருடைய காண்ட்ராக்டர் இல்லை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கிடங்கு வைத்திருக்கும் கம்பெனி எங்களுக்கு ஒரு தலைக்கு, ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று ரேட் போட்டு ஒப்பந்தம் எழுதுகிறது. அந்த ரேட்டிலேயே இரட்டிப்பு ஓ.டி.க்கு இடம் இருக்காது. நான் கேட்டால் அடுத்தவன் குறைத்து எடுத்துக்கொள்கிறான்.

ஆட்களும் 12 மணி நேரத்தைத்தான் கேட்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்கள் எட்டு மணி வேலை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிடங்குக்குப் போய்விடுவார்கள். ஊருக்கு அனுப்பும் பணம்தான் அவர்களுக்குக் கணக்கு. சட்டப் புத்தகத்தை வைத்து மெசேஜ் எழுதினால் ஆள் வரமாட்டார்கள்.

லோடு பாலா

ரியாஸ் பாய் சொல்றதுல பாதி சரி. நானும் லோடர்தான், செங்குன்றத்துல ஆரம்பிச்சு இப்போ ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கேன். பன்னெண்டு மணி நேரம் நாங்க கேக்குறது வேலை மேல ஆசையில இல்ல. எட்டு மணி நேரக் கூலி பத்தலன்னு கேக்குறோம். எட்டு மணி நேரத்துக்கே சரியான காசு வந்தா எவன் கேப்பான்?

செந்தில் அண்ணே, ஆளுங்க ஓடுறதுக்குக் காசு மட்டும் காரணம் இல்ல. அந்த "எடை 50 கிலோ" பத்திப் பேசுவோம். உங்க கிடங்குல எத்தனை சரக்கு நெஜமாவே 50 கிலோ?

ஒரகடம் செந்தில்

சர்க்கரை மூட்டை மட்டும் 50. அது வாரத்தில் இரண்டு வண்டி வரும். அரிசி 25 கிலோ பை. எண்ணெய், சோப்பு, பிஸ்கட் எல்லாம் அட்டைப்பெட்டி, பெரும்பாலும் 10 முதல் 12 கிலோ.

லோடு பாலா

அப்ப அந்த 50-ஐப் பாத்து பாதிப் பேரு பயந்து வரமாட்டான், வர்றவன் 50 கிலோ தூக்கத் தயாராகி வந்து வேற விதமா மாட்டுவான். எங்களுக்கு ஒரு பொட்டி எத்தனை கிலோங்கறதைவிட ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆளு மேல எத்தனை டன்னு விழுதுங்கறதுதான் முக்கியம்.

32 அடி வண்டி, மல்டி ஆக்சில், பதினாலு டன் வருதுன்னு வைங்க. நாலு பேரு இறக்குனா ஆளுக்கு மூணரை டன். 12 கிலோ பொட்டின்னா கிட்டத்தட்ட 290 தடவை குனிஞ்சு நிமிரணும். ஒரு ஷிப்டுல ரெண்டு வண்டி வந்தா ஏழு டன், 580 தடவைக்கு மேல. நாலு பேருல ஒருத்தன் லீவு போட்டா மூணு பேரு மேல அதே சரக்கு. மெசேஜ்ல இது எங்கேயும் இல்ல.

அடுக்குறதும் அப்படித்தான். பேலட் மேல இருந்து இடுப்பு உசரத்துல எடுத்து ரோலர்ல வைக்கிறது ஒரு வேலை. கண்டெய்னருக்குள்ள தரையில இருக்கற பொட்டியை எடுத்து தலைக்கு மேல கடைசி அடுக்குல சொருகுறது வேற வேலை. ரெண்டும் 12 கிலோதான். மே மாசம் மத்தியானம் அந்தத் தகரப் பொட்டிக்குள்ள நின்னு பாத்தவனுக்குத் தெரியும். ஹேண்ட் பேலட் டிரக் எத்தனை இருக்கு, அதுல எத்தனை ஓடுது? அதைச் சொல்லுங்க.

ஒரகடம் செந்தில்

ஆறு இருக்கிறது. இரண்டு பழுதாகிக் கிடக்கிறது. ஷிப்டுக்கு ஒரு ஆளுக்கு ஐந்திலிருந்து ஏழு டன் வரை வரும். பண்டிகைச் சமயத்தில் அதற்கும் மேல். சர்க்கரை மூட்டையை ஒருவரே முதுகில் எடுப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

பேரோல் கணேசன்

பாலா சொல்வதுதான் உண்மையான அளவுகோல். அமெரிக்காவில் நியாஷ் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் தூக்கும் எடைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உடம்போடு ஒட்டி, இடுப்பை ஒட்டிய உயரத்தில், உடலைத் திருப்பாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கினால் அதிகபட்சம் 23 கிலோ என்று அது தொடங்கும். தரையிலிருந்து எடுத்தாலோ, கையை நீட்டி வைத்தாலோ, நிமிஷத்துக்குப் பல தடவை தூக்கினாலோ அந்த 23 இறங்கிக்கொண்டே போகும். அது நம் ஊர்ச் சட்டம் இல்லை. ஆனாலும் 50 கிலோ மூட்டையை ஒருவர் தலையில் கட்டுவதற்கு முன் நினைத்துப்பார்க்க வேண்டிய எண். சர்க்கரைக்கு இரண்டு பேர் என்று விதி வைத்துவிட்டு, அதையும் மெசேஜில் எழுதுங்கள்.

மலர்விழி

நான் பேக்கிங் லைனில் வேலை பார்த்திருக்கிறேன். பேக்கர் என்று போட்டால் உட்கார்ந்து டேப் ஒட்டுகிற வேலை என்று நினைத்துப் பெண்கள் வருவார்கள். வந்து பார்த்தால் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு ரேக் ரேக்காக நடந்து சாமானை எடுத்து வந்து, பெட்டி மடித்து, அடைத்து, லேபிள் ஒட்டி, பேலட்டில் அடுக்கி, ஸ்ட்ரெச் ராப் சுற்றுவது வரை எல்லாம் ஒரே ஆள். நாள் முழுக்க நின்றபடிதான். காலையில் போட்ட செருப்பு சாயங்காலம் காலுக்குப் பற்றாது.

உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். செந்தில் சார் இடத்தில் பேக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால் அதை மெசேஜில் போடுங்கள், அதற்காகவே பெண்கள் வருவார்கள்.

இன்னொன்று, இரவு 8 – காலை 8 ஷிப்டுக்கும் "ஆண்/பெண்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், போய்வர வண்டியும் பாதுகாப்பும் தரவேண்டும். வண்டி உண்டா இல்லையா என்று சொல்லாத மெசேஜைப் பார்த்து எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

ஒரகடம் செந்தில்

ஸ்டூல் இல்லை அக்கா. இரவு ஷிப்டில் இப்போது பெண்கள் யாரும் இல்லை, மெசேஜில் பிரித்து எழுதாததுதான் தவறு. இரவு ஷிப்டை எடுத்துவிடவும் முடியாது. நகருக்குள் பெரிய வண்டிகளுக்குப் பகலில் தடை இருப்பதால் ராத்திரிதான் அனுப்பியாக வேண்டும்.

சக்தி வந்தவாசி

என் விஷயத்தையும் சொல்றேன். போன வருஷம் இதே மாதிரி "வாரச் சம்பளம்"னு பார்த்துட்டு ஒரு கிடங்குல சேர்ந்தேன். திங்கள்லேர்ந்து வேலை. சனிக்கிழமை எல்லாருக்கும் பணம் வந்துது, எனக்கு வரல. கேட்டா, முதல் வாரம் ஹோல்டு, இந்த வாரத்துக் காசு அடுத்த சனிக்கிழமைன்னாங்க. கையில இருந்த காசு சாப்பாட்டுக்கே தீர்ந்துபோச்சு. மேஸ்திரிகிட்ட முன்பணம் கேட்டேன், தரல. புதன்கிழமை கிளம்பி ஊருக்கு வந்துட்டேன். அந்த ஒன்பது நாள் கூலி இன்னிக்கு வரைக்கும் வரல.

ஒரகடம் செந்தில்

எங்களிடமும் இதே நடைமுறைதான். திங்கள் முதல் சனி வரை செய்த வேலைக்கு அடுத்த சனிக்கிழமை பணம். வெள்ளிக்குள் ஆட்கள் கரைவதற்கு இதுதான் காரணமோ?

லோடு பாலா

இதேதான் அண்ணே. புதுசா வர்றவன் ஒரு வாரத்துக்குத்தான் காசு வச்சிருப்பான். சனிக்கிழமை வராதுன்னு புதன்கிழமை பழைய ஆளுங்க சொல்லிடுவாங்க. வியாழக்கிழமை அவன் இருக்க மாட்டான்.

பேரோல் கணேசன்

வாரச் சம்பளம் என்று ஒத்துக்கொண்டால் அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே, அதாவது வார விடுமுறைக்கு முன்பே கொடுத்தாகவேண்டும். ஒரு வாரம் பிடித்துவைக்க அதில் இடமே இல்லை. வேலையை விட்டு நின்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்கவேண்டும். இரண்டுமே ஊதியத் தொகுப்பில் தெளிவாக இருக்கிறது.

சக்தி, காண்ட்ராக்டர் தராவிட்டால் கிடங்கு நடத்தும் கம்பெனி தரவேண்டிய பொறுப்பு உண்டு. போன வருஷம்தானே, கேட்க மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ, மேஸ்திரியோடு பேசிய வாட்ஸ்அப் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு அந்தக் கிடங்கு இருக்கும் பகுதியின் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள்.

சக்தி வந்தவாசி

கேட் பாஸை வாங்கி வச்சிக்கிட்டாங்க சார். மேஸ்திரி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் மட்டும் இருக்கு. அது போதுமா?

பேரோல் கணேசன்

அழிக்காமல் வையுங்கள், அதோடு போய்க் கேளுங்கள். உங்களோடு வேலை செய்த ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

மேன்பவர் ரியாஸ்

சனிக்கிழமை இரவு ஷிப்ட் ஞாயிறு காலை 8 மணிக்குத்தான் முடியும். வருகைக் கணக்கு வராமல் சனிக்கிழமையே எப்படிப் பணம் போடுவது? ஹோல்டு வைப்பது ஏமாற்ற மட்டும் இல்லை சார், கணக்கு முடிக்கவும்தான்.

பேரோல் கணேசன்

நான் பார்த்த இடத்தில் செய்தது இது. வெள்ளி இரவு வரைக்கும் வருகையை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுவோம். சனிக்கிழமைக்கு முழு ஷிப்ட் வந்ததாகவே வைத்துப் பணம் போடுவோம். யாராவது வராவிட்டால் அடுத்த வாரம் சரிக்கட்டுவோம். அந்த வகையில் கம்பெனிக்கு நின்ற நஷ்டம் அற்பம். ஆள் நிற்காமல் போனால் புது ஆளைப் பிடிக்க நீங்கள் கொடுக்கும் கமிஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செந்தில் சார், பிடித்தத்தையும் மெசேஜில் காட்டவேண்டும். "பி.எஃப். இ.எஸ்.ஐ. உண்டு" என்றால் 5,100 கைக்கு வரும் என்றுதான் ஆள் நினைப்பார். 640 வீதம் ஆறு நாளுக்கு 3,840, அதில் 12 சதம் பி.எஃப். 460 ரூபாய் 80 காசு. மொத்தத்தில் முக்கால் சதம் இ.எஸ்.ஐ. சுமார் 39. கைக்கு வருவது 4,600. சனிக்கிழமை அதைப் பார்த்ததும் 500 ரூபாயை மேஸ்திரி அடித்துவிட்டார் என்று சண்டை வரும். உண்மையிலேயே கட்டுகிறார்களா என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். சேர்ந்ததும் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் கொடுத்துவிடுங்கள். முதுகுப் பிடிப்போ குடலிறக்கமோ வந்தால் அந்த இ.எஸ்.ஐ. எண்தான் லோடருக்குக் கைகொடுக்கும்.

ஒரகடம் செந்தில்

எல்லோர் சொன்னதையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

"ஒரகடம் மளிகைக் கிடங்கு. பேக்கர், லோடர் தேவை.
வேலை நேரம்: காலை 6 – மாலை 4, அல்லது மாலை 4 – இரவு 2. நடுவில் 1 மணி நேரம் இடைவேளை. 8 மணி வேலை, 1 மணி ஓ.டி. வாரம் 6 நாள். பெண்களுக்குக் காலை ஷிப்ட் மட்டும்.
லோடர்: நாளுக்கு ரூ.640, ஓ.டி. மணிக்கு ரூ.160. வாரம் ரூ.4,800.
பேக்கர்: நாளுக்கு ரூ.490, ஓ.டி. மணிக்கு ரூ.122.50. வாரம் ரூ.3,675.
இதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக லோடருக்குக் கைக்கு சுமார் ரூ.4,300, பேக்கருக்கு சுமார் ரூ.3,290.
சரக்கு: பெரும்பாலும் 10–12 கிலோ பெட்டி, 25 கிலோ அரிசிப் பை. 50 கிலோ சர்க்கரை மூட்டைக்கு இருவர். லோடருக்கு ஷிப்டுக்கு 5 டன் வரை.
பேக்கர் வேலை நின்றும் நடந்தும் செய்வது. ஸ்டூல் உண்டு.
முதல் வாரச் சம்பளமும் அதே சனிக்கிழமை, வங்கிக் கணக்கில்."

லோடு பாலா

படிச்சா நம்பிக்கை வருது அண்ணே. ஆனா ஒண்ணு, பாக்குறவன் கண்ணுக்கு 5,100 போயி 4,800 ஆயிருச்சு. வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் கொறையுதுன்னு அவனுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். மணிக்கு எவ்வளவுன்னு ஒரு வரி சேருங்க. பழைய கணக்குல 77 ரூபா, புதுக் கணக்குல 88 ரூபாக்கு மேல வருது.

மேன்பவர் ரியாஸ்

பேக்கருக்கு 525 குறைகிறதே, அவர்கள் நிற்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். 490 என்ற நாள் கூலியை ஏற்றாமல் இது ஓடாது. இரவு 2 மணியிலிருந்து காலை 6 வரை வண்டி வந்தால் யார் இறக்குவது?

பேரோல் கணேசன்

490 பற்றி ரியாஸ் சொல்வது நியாயம். குறைந்தபட்சக் கூலியில் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் மாறும். தொழிலாளர் துறை வெளியிட்ட இந்த ஆண்டின் தொகையோடு 490-ஐ ஒப்பிட்டுப் பார்க்காமல் மெசேஜை அனுப்பாதீர்கள்.

மலர்விழி

ஸ்டூல் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னும் வாங்கவில்லையே சார். முதலில் வாங்கிப் போடுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

ஒரகடம் செந்தில்

சரி அக்கா. ஸ்டூலுக்கும், பழுதான இரண்டு பேலட் டிரக்குக்கும் இன்றே கேட்டு எழுதுகிறேன். காலை 2 முதல் 6 வரை வரும் வண்டிகளுக்கு மூன்றாவது ஷிப்ட் போடுவதா, வண்டி வரும் நேரத்தை மாற்றச் சொல்வதா என்பதை மேனேஜர்தான் சொல்லவேண்டும். பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன்.

விஜய் செய்யாறு

அண்ணா அந்தப் புது மெசேஜ் வந்தா எனக்கு அனுப்புங்க. பேக்கிங் காலை ஷிப்டுக்கு வர்றேன். செய்யாறுலேர்ந்து காலை 6 மணிக்கு வர பஸ் இல்ல, தங்க இடம் தருவீங்களா? அது இதுல விட்டுப்போச்சு.